12+1 வேனில் 20 பேர் போனால் என்ன ஆகும்?

கேள்வி: மதுரையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு 20 பேர் போகிறோம். 12+1 வேனே போதும் என்கிறார் வேன்காரர். பிடித்தால் அபராதம் எவ்வளவு, யார் கட்டுவது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 194ஏ பிரிவின்படி, வாடகை வாகனத்தில் கூடுதலாக ஏற்றப்படும் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம். உங்கள் கணக்கில் எட்டுப் பேர் கூடுதல் என்பதால் 1,600 ரூபாய் வரும். அதை ஓட்டுநரோ, ஓட்ட அனுமதித்த உரிமையாளரோதான் கட்ட வேண்டும், பயணிகள் அல்ல. ஆனால் கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யும் வரை வேன் நகரக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பொங்கல் பானையும் தேங்காய் மூட்டையுமாகச் செக்கானூரணியில் நின்றுகொண்டு இன்னொரு வண்டி தேடுவது அந்த 1,600 ரூபாயைவிடப் பெரிய தண்டனை.

"நடுவுல ரெண்டு ஸ்டூல் போட்டுக்கலாம்ணே" என்று வேன்காரர் சொல்லக்கூடும். ஸ்டூல் போட்டாலும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணிக்கை கூடுவதில்லை. காப்பீடும் அந்த எண்ணிக்கைக்கு மேல் பொறுப்பேற்பதில்லை. என்னைக் கேட்டால், அபராதத்தைவிட இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய பேருந்து விபத்துக்குள்ளான அஞ்சனா ஷியாம் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2007-ல் ஒரு கணக்கு வகுத்தது. அதை உங்கள் வேனுக்குப் பொருத்திப் பாருங்கள். விபத்தில் 20 பேருக்கும் சேர்த்து 40 லட்சம் ரூபாய் இழப்பீடு தீர்ப்பாகிறது என்றும், அவற்றுள் மிகப் பெரிய 12 தொகைகளின் கூட்டு 36 லட்சம் என்றும் கொள்வோம். காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு அந்த 36 லட்சத்தோடு முடிகிறது. அது 20 பேருக்கும் விகிதப்படி பிரிக்கப்படுவதால், முறையாக இருக்கையில் அமர்ந்து வந்தவருக்கும் நூற்றுக்குத் தொண்ணூறுதான் கிடைக்கும். மீதி 4 லட்சத்தை வேன் உரிமையாளரிடமிருந்துதான் வசூலிக்க வேண்டும். ஒற்றை வேனைக் கடனில் ஓட்டுபவரிடம் அது எளிதில் வராது.

ஷேர் ஆட்டோவுக்கும் ஆள் கணக்கு இதேதான்: 3+1 ஆட்டோவில் ஆறு பேர் என்றால் 600 ரூபாய். ஒப்பந்த ஊர்தி பெர்மிட்டில் ஓடும் ஆட்டோ வழியெல்லாம் ஆள் ஏற்றி இறக்கினால் அது பெர்மிட் மீறலும் ஆகும். மினி பஸ்ஸில் நிற்கும் பயணிகளுக்கு அனுமதி உண்டா என்பதைப் பதிவுச் சான்றையும் பெர்மிட்டையும் பார்த்தே சொல்ல முடியும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், வேனின் பதிவுச் சான்றை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள மொத்த இருக்கை எண்ணிக்கையில் ஓட்டுநரும் அடக்கம். 13 என்றிருந்தால் பயணிகள் 12 பேர்தான். வெள்ளைப் பலகை வேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவதற்கு 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் தனியாக உண்டு. உங்கள் 20 பேருக்கு, சான்றில் 21 என்று பதிவான வேனைக் கேளுங்கள்.