‘அதிக முன்னேற்றம் கண்ட வீரர்’ விருதுக்கு 2 நிமிடப் பேச்சு

கேள்வி: எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ‘அதிக முன்னேற்றம் கண்ட வீரர்’ விருதை அறிவிக்கிற வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். 2 நிமிடம் பேச வேண்டும். என்ன பேசலாம், எதைத் தவிர்க்கலாம்? மாதிரி உரை இருந்தால் நல்லது.

நான் உடற்கல்வி ஆசிரியர். இந்த விருதைப் பல வருடம் அறிவித்திருக்கிறேன். முதல் தடவை செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். கூட்டத்தைச் சிரிக்க வைத்தால் பேச்சு எடுபடும் என்று ஒரு நினைப்பு. “போன வருஷம் இவன் ஓட ஆரம்பித்தால் மைதானமே அதிரும், இன்னைக்குப் பாருங்க!” என்றேன். ஷாமியானா முழுக்கச் சிரிப்பு. பையன் தலையைக் குனிந்தபடி மேடை ஏறினான், கோப்பையை வாங்கினான், போட்டோவுக்கு நிற்காமலே இறங்கிவிட்டான். அடுத்த வாரம் வகுப்பில் அவனுக்கு ‘பூகம்பம்’ என்று பட்டப்பெயர். வைத்தது பசங்கள்தான், எடுத்துக் கொடுத்தது நான்.

சிறந்த வீரர் விருதுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. புகழ்ந்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். முன்னேற்றம் என்று சொன்னாலே முன்பு எப்படி இருந்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை அப்பா, அம்மா, தங்கை, சக மாணவர்கள் எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறீர்கள். அதனால் நான் வைத்திருக்கிற ஒரே விதி: ‘முன்பு’ என்பது ஆட்டத்தில் நடந்த ஒரு விஷயமாக இருக்க வேண்டும். உடம்பு, குணம், வீட்டு நிலைமை மூன்றும் மேடைக்கு வரக்கூடாது. ‘பயந்த பையன்’, ‘சோம்பேறி’, ‘அப்பா இல்லாத பிள்ளை’ எதுவும் வேண்டாம். இரக்கத்தோடு சொன்னாலும் வேண்டாம்.

சமீபத்தில் பேசியதை முழுசாகச் சொல்கிறேன். கபடி அணியில் 9ஆம் வகுப்பு மாணவன், இடது கார்னரில் நிற்பவன். கார்னர் என்பது தடுக்கிற வரிசையின் ஓரம். அங்கே நிற்பவனின் முக்கிய வேலை, பாடி வருகிற ரெய்டரின் காலைப் பிடிப்பது. இவனிடம் வேகமும் பிடியும் முதலிலிருந்தே இருந்தன. ரெய்டர் முதல் எட்டு வைத்ததுமே பாய்ந்துவிடுவான், அதுதான் குறை. அந்த நேரத்தில் ரெய்டரின் எடை பின்காலில் இருக்கும். முன்னால் நீட்டிய கால் சும்மா ஆழம் பார்க்கிற கால். அதைப் பிடித்தால் உருவிக்கொண்டு திரும்பிவிடுவான். பிடித்தவன் அவுட், எதிரணிக்குப் புள்ளி, இடது மூலை காலி. அந்தக் கால் உண்மையிலேயே ஊன்றும் நேரம் வேறு. கூடுதல் புள்ளிக்காகப் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் நீட்டும்போதோ, திரும்புவதற்கு உடம்பைச் சுழற்றும்போதோ எடை அந்தக் காலுக்கு வரும். அது வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஒரு ரெய்டே 30 விநாடிதான் என்றாலும், 14 வயதுப் பையனுக்கு அது யுகம்.

ஆட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். யார் எத்தனை தடவை பிடிக்கப் போனார்கள், எத்தனை கிடைத்தது, அவ்வளவுதான். ஜூலையில் குறுவட்டப் போட்டியும் அதற்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களுமாகச் சேர்த்து 5 ஆட்டங்களில் இவன் 21 தடவை பிடிக்கப் போயிருந்தான். கிடைத்தது 4. ஜனவரியில் 5 ஆட்டங்களில் 12 தடவை, கிடைத்தது 7.

இதை மேலோட்டமாகப் பார்த்தால் 4 என்பது 7 ஆனது, மூன்று புள்ளி கூடியிருக்கிறது. அதற்கு ஒரு விருதா என்று தோன்றும். தவறியதைப் பாருங்கள். 17 தடவை தவறியது 5 ஆகக் குறைந்திருக்கிறது. அணிக்கு உண்மையான லாபம் அங்கேதான். எங்கள் பள்ளியில் இந்த விருதை முன்பெல்லாம் மொத்தப் புள்ளியை வைத்து முடிவு செய்வார்கள். அந்தக் கணக்கில் இப்படிப்பட்ட பையன் கண்ணிலேயே படமாட்டான். விருது ஆறுதல் பரிசு மாதிரி ஆகிப்போனதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் இதே விருதை 1985-86 பருவத்தில் ஆரம்பித்தார்கள். முதலில் வாங்கிய ஆல்வின் ராபர்ட்சன் அதே வருடம் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் வாங்கினார். 2017இல் வாங்கிய யானிஸ் அன்டெட்டோகும்போ இரண்டு வருடம் கழித்து அந்தப் பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரர் ஆனார். இதையெல்லாம் மேடையில் சொல்லாதீர்கள், பெற்றோருக்குச் சம்பந்தமே இருக்காது. தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியரிடம் வேண்டுமானால் சொல்லலாம்.

அடுத்து, எப்படி மாறினான் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘கடின உழைப்பு’ என்று சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இவன் விஷயத்தில் நடந்தது இது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். ரெய்டர் பாடி வருவான், இவன் காலை மட்டும் நகர்த்தி அவனைத் தொடர வேண்டும், தொடக் கூடாது. இரண்டு வாரம் அதையே செய்தான். அதற்குப் பிறகுதான் கையை அவிழ்த்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடந்திருக்கிறது. பயிற்சி முடிந்து நான் கிளம்பிய பிறகு, பிளஸ் டூ படிக்கும் எங்கள் முதல் ரெய்டரை நிறுத்தி, “அண்ணே, பத்துத் தடவை பாடுங்கண்ணே” என்று கேட்டுத் தினமும் ஆடியிருக்கிறான். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியபோதுதான் இது தெரிந்தது.

அப்படிக் கூப்பிட்டுப் பேசுவதைத் தவற விடாதீர்கள். விருது என்று சொல்ல வேண்டியதில்லை. “இந்த வருஷம் எது மாறிச்சுன்னு நினைக்கிற?” என்று கேட்டால் போதும். இவன் இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, அந்த அண்ணன். இன்னொன்று, குறுவட்டப் போட்டியில் பாதி ஆட்டத்தில் நான் அவனை வெளியே உட்கார வைத்தது. “அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க சார், வீட்ல தெரியாது” என்றான். நான் எழுதி வைத்திருந்த பேச்சு சரியாக அந்தக் காட்சியில்தான் தொடங்கியது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். இதுதான் பேசியது:

“எல்லாருக்கும் வணக்கம். ஒரு கணக்கு சொல்கிறேன். எங்கள் கபடி அணியில் ஒருவர் ஜூலை மாதம் 5 ஆட்டங்களில் 21 முறை ரெய்டரைப் பிடிக்கப் போனார். ஜனவரியிலும் 5 ஆட்டங்கள், ஆனால் 12 முறைதான் போனார். குறைந்துவிட்டதே, இதற்கா விருது என்று கேட்பீர்கள். ஜூலையில் அவர் பிடித்தது 4 பேரை. ஜனவரியில் 7 பேரை.

கபடியில் பாய்வது கஷ்டமில்லை. பாயாமல் நிற்பதுதான் கஷ்டம். எதிரில் ஒருவன் பாடிக்கொண்டே காலை நீட்டுவான், ‘பிடி பிடி’ என்று வெளியிலிருந்து நாமெல்லாம் கத்துவோம். நான்தான் அதிகமாகக் கத்துவேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அந்தக் கால் ஊன்றுகிற நேரம் வரும்வரை இவர் நிற்கக் கற்றுக்கொண்டார். இரண்டு வாரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பயிற்சி செய்தார். பயிற்சி முடிந்த பிறகும் தினமும் பத்து ரெய்டு தனியாக ஆடினார். அவருக்காக நின்று பாடிய அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறார், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

மாவட்டப் போட்டியின் கடைசி ரெய்டு நினைவிருக்கிறதா? நாம் ஒரு புள்ளி முன்னால். ரெய்டர் இடது மூலைக்கு மூன்று முறை காலை நீட்டினான். மூன்று முறையும் நம்மவர் அசையவில்லை. நான்காவது முறை அவன் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றினான். அந்தக் கால் திரும்பிப் போகவில்லை.

இந்த ஆண்டின் அதிக முன்னேற்றம் கண்ட வீரர், ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு...”

இந்த இடத்தில் பெயர். முன்கூட்டியே சொல்லிவிட்டால் கைதட்டல் ஆரம்பித்துவிடும், மிச்சம் எதுவும் காதில் விழாது. அண்ணனைச் சொன்னதுமே பின்வரிசையில் விசில் கிளம்பிவிட்டது, பாதிப் பேர் ஊகித்துவிட்டார்கள். அது நல்லதுதான், பெயர் வரும்போது கூட்டமே கத்தியது. பெயரை இனிஷியலோடு, வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொல்லிப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு மாதிரி எழுதியிருக்கும், கூப்பிடுவது வேறாக இருக்கும்.

மேடையில் ‘அவர்’ என்றே சொல்லுங்கள். மைதானத்தில் ‘டேய்’ என்று கூப்பிடுகிறவன்தான் நானும். ஆனால் அந்த இரண்டு நிமிடம் ‘அவர்’ என்று கேட்கும்போது பையன்கள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், எண்கள் இரண்டு ஜோடிக்கு மேல் வேண்டாம். 17, 5 எல்லாம் வேண்டுமென்றே விட்டேன். எத்தனை தடவை தவறினான் என்பது எனக்கும் அவனுக்கும் தெரிந்தால் போதும். நீங்கள் எப்படிப் பயிற்சி கொடுத்தீர்கள் என்பதையும் விட்டுவிடுங்கள். கையைக் கட்டச் சொன்னது நான்தான், அதைச் சொல்லியிருந்தால் விருது எனக்கு ஆகியிருக்கும்.

நேரத்துக்கு ஒரு வழி: வீட்டில் சத்தமாக வாசித்துக் கைபேசியில் அளந்து பாருங்கள். ஒன்றரை நிமிடம் வந்தால் மேடையில் இரண்டு ஆகிவிடும். சிறப்பு விருந்தினர் கோப்பையோடு நின்றுகொண்டிருப்பார். பெயரைச் சொன்னதும் மைக்கை விட்டு ஒதுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் போட்டோவில் பையனுக்கு முன்னால் உங்கள் முழங்கை இருக்கும்.

உங்களிடம் நோட்டு இல்லையென்றால், போட்டியின் ஸ்கோர் ஷீட் நகல் பள்ளியில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் எண்ணே வேண்டாம், கற்பனையாகச் சொல்லிவிடாதீர்கள். பசங்களுக்குக் கணக்கு நம்மைவிட நன்றாக நினைவிருக்கும், கீழேயிருந்து ஒருத்தன் “சார், அன்னைக்கு அவன் ஆடவே இல்லை” என்பான். அணித் தலைவனைக் கூப்பிட்டு, “இவன் செய்ததில் உனக்கு மறக்காத ஒரு ரெய்டு எது?” என்று கேளுங்கள். அவன் எழுந்து நின்று ஆடிக் காட்டியே சொல்லுவான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.