முதல் பத்து விநாடிகள்

கேள்வி: பழைய பீரங்கிகளோடு ஒப்பிட்டால் ராக்கெட் பீரங்கியும் தானே நகரும் பீரங்கியும் அப்படி என்ன மாற்றிவிட்டன? எதில் வந்தாலும் குண்டு குண்டுதானே?

குண்டு குண்டுதான். ஆனால் முதல் குண்டு விழும்போது வெட்டவெளியில் நிற்பவன், அடுத்தது விழுவதற்குள் குப்புறப் படுத்திருப்பான். அரை நிமிடத்தில் பதுங்குகுழிக்குள் இறங்கியிருப்பான். அதற்குப் பிறகு வருபவை பெரும்பாலும் மண்ணைத்தான் கிளறும்.

1941 ஜூலை 14 அன்று ஓர்ஷா ரயில் நிலையத்தில் இருந்த ஜெர்மானியர்மீது சோவியத் கேப்டன் ஃப்ளியோரவின் கத்யூஷா அணி, அதாவது லாரியிலிருந்து ராக்கெட் ஏவும் அணி, சுட்டது. ஏழு லாரிகள், லாரிக்கு 16 ராக்கெட்டுகள். ஆக 112 ராக்கெட்டுகள் சுமார் பத்து விநாடிகளில் கிளம்பிவிடும். ராக்கெட்டின் எடை 42 கிலோவுக்கு மேல் என்றாலும் அதில் பாதியளவு எரிபொருளும் குழாயும்தான். வெடிமுனை ஏறக்குறைய 22 கிலோ. குண்டை உயர்ந்த வளைவில் வீசும் பீரங்கியான ஹோவிட்சரில், அன்றைய சோவியத் 122 மி.மீ. வகையின் குண்டும் கிட்டத்தட்ட அதே எடை. அந்த ஹோவிட்சர் நிமிடத்துக்கு ஐந்தாறு குண்டுகள் சுடும், அதாவது பத்து விநாடிக்கு ஒன்று. ஏழு லாரிகள் செய்ததை அதே நேரத்தில் செய்ய நூற்றுச் சொச்சம் ஹோவிட்சர்கள் வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் கத்யூஷாவுக்கு ஏன் அவ்வளவு பெயர் என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த பத்து நிமிடங்களைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகும். ராக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஏற்ற வேண்டும். பன்னிரண்டு ஹோவிட்சர்கள் இருந்தால் இரண்டே நிமிடத்தில் 112-ஐத் தாண்டிவிடும், நிற்காமல் சுட்டுக்கொண்டும் இருக்கும். ராக்கெட்டுகள் சிதறியும் விழும். பரந்த இடத்தை மூடலாம். ஒற்றைப் பதுங்கு அறையைக் குறிவைப்பது வீண். (இன்றைய வழிகாட்டி ராக்கெட்டுகளின் கதை வேறு.) போதாக்குறைக்கு, கிளம்பும் இடத்தில் எழும் புகையும் புழுதியும் எதிரிக்கு முகவரி எழுதிக் கொடுத்துவிடும். அதனால் சுட்டவுடன் ஓடுவதே கத்யூஷாக்காரர்களின் வழக்கமானது.

அந்த ஓட்டத்தை ஹோவிட்சருக்குக் கொடுத்ததுதான் தானே நகரும் பீரங்கி. இன்றைய ரேடார், பறக்கும் குண்டின் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டுச் சுட்ட இடத்தைச் சொல்லிவிடும். சில நிமிடங்களில் பதிலடி வரும். இழுவைப் பீரங்கியின் கால்களைப் பிடுங்கி, மடக்கி, லாரியில் மாட்டவே அந்த நேரம் போய்விடும். ஸ்வீடனின் ஆர்ச்சர் பீரங்கிக்கோ குழு கேபினை விட்டு இறங்காமலே கிளம்ப அரை நிமிடம் போதும்.

இந்த வேகத்தில் ராக்கெட்டின் திடீர் அடியும் ஓரளவு திரும்பக் கிடைத்தது. ஜெர்மனியின் பான்ஸர்ஹவுபிட்ஸ 2000 என்ற தானே நகரும் பீரங்கி, முதல் மூன்று குண்டுகளைப் பத்து விநாடிக்குள் சுடும். முதல் குண்டை உயரமான வளைவில் அனுப்பி, அடுத்தடுத்தவற்றைத் தாழ்வான பாதைகளில் அனுப்பினால், ஒரே பீரங்கியின் ஐந்து குண்டுகள்வரை ஒரே நேரத்தில் விழும். படுப்பதற்கு அவகாசமே இல்லை. அதன் உள்ளே இருப்பது 60 குண்டுகள். முழு வேகத்தில் சுட்டால் ஆறேழு நிமிடத்துக்கு மேல் தாங்காது. பிறகு லாரி வந்தாக வேண்டும், ஒவ்வொரு குண்டும் நாற்பது கிலோவுக்கு மேல்.