4×6 பிரிண்டில் திருவள்ளுவர் தலை வெட்டுப்படுவது ஏன்?

"கன்னியாகுமரி கடற்கரையில் போனில் எடுத்த குடும்பப் படத்தை நாகர்கோவிலில் 4×6 பிரிண்ட் போட்டேன். பின்னால் நிற்கும் வள்ளுவர் சிலையின் தலை போய்விட்டது. போனில் முழுசாக இருக்கிறதே?"

ஸ்டூடியோக்காரரைக் குறை சொல்ல முடியாது. போன் படம் பெரும்பாலும் 4000×3000 பிக்சல். நீளத்தை உயரத்தால் வகுத்தால் 1.33. 4×6 தாளுக்கு அதே கணக்கு 1.5. தாளின் 6 அங்குல நீளம் நிறையும்படி படத்தைப் பெரிதாக்கினால் உயரம் நாலரை அங்குலம் வரும். தாளில் இருப்பது நாலுதான். மிஷின் நடுவில் வைத்து மேலே கால், கீழே கால் அங்குலம் தள்ளிவிடும். மேலே இருந்தது வள்ளுவர் தலை.

கீழே வெறும் மணல்தானே? அப்படியானால் போனிலேயே கிராப்பில் 3:2 தேர்ந்தெடுத்து, வெட்டு முழுவதும் மணல் பக்கம் விழுமாறு கட்டத்தை மேலே தள்ளுங்கள். 4000×2667 வரும், சிலை தப்பிக்கும். தலைக்கு மேல் கொஞ்சம் வானம் இருக்கட்டும். பார்டர் இல்லாத பிரிண்டில் ஓரம் ஓரிரு மில்லிமீட்டர் எப்படியும் போகும்.

கீழே குழந்தைகள் உட்கார்ந்திருந்தால் இது உதவாது. "வெட்டாம, வெள்ளை விட்டுப் போடுங்க" என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் மூன்றில் ஒரு அங்குலம் வெள்ளை நிற்கும், வேண்டாமென்றால் கத்தரித்துக்கொள்ளலாம். ஃப்ரேம் போடுவதென்றால் 6×8 கேட்பேன், அதுவும் 4:3 தான். கேமராவை 16:9-க்கு மட்டும் மாற்றாதீர்கள், அப்போது பக்கவாட்டில் நிற்பவர்கள் போவார்கள்.