டையோடின் எந்த மின்தடை சிற்றலையைத் தீர்மானிக்கிறது?

வணக்கம். என்னிடம் ஒரு 12 வோல்ட் சப்ளை இருக்கிறது. அதில் 100 ஹெர்ட்ஸில் 1 வோல்ட் சிற்றலை (உச்சிக்கு உச்சி) உண்டு. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு 1N4148 டையோடை இணைத்து, அதன் மேல் கிடைக்கும் 0.7 வோல்ட்டை எடுக்கிறேன். மின்னோட்டம் 11.3 மில்லிஆம்பியர். 0.7-ஐ அதனால் வகுத்தால் டையோடு 62 ஓம். அப்படியானால் வெளியீட்டில் 58 மில்லிவோல்ட் சிற்றலை வர வேண்டும். ஆசிலோஸ்கோப்பில் 5 மில்லிவோல்ட்டுக்குள்தான் தெரிகிறது. ரெசிஸ்டரை 470 ஓம் ஆக்கிப் பார்த்தேன், குறையவில்லை. கொஞ்சம் கூடியது போலவே இருந்தது. டையோடுக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டும் பயனில்லை. எங்கே தவறு?
— ர.

அன்புள்ள ர.,

உங்கள் அளவீடுகள் எல்லாம் சரி. 62 ஓம் என்ற எண்ணை நீங்கள் பயன்படுத்திய இடம்தான் தவறு. 0.7 வோல்ட்டை 11.3 மில்லிஆம்பியரால் வகுக்கும்போது, டையோடின் வளைகோட்டில் நீங்கள் நிற்கும் புள்ளியைப் பூஜ்யத்தோடு ஒரு நேர்கோட்டால் இணைக்கிறீர்கள். ஆனால் சிற்றலை பூஜ்யம் வரை போவதே இல்லை. அது அந்தப் புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம் மேலேயும் கீழேயும் அசைகிறது, அவ்வளவுதான். எனவே அதற்குத் தெரிவது அந்த இடத்தில் வளைகோட்டின் சாய்வு மட்டுமே. டைனமிக் ரெசிஸ்டன்ஸ், அதாவது இயங்கு மின்தடை என்பது இந்தச் சாய்வின் தலைகீழ்.

டையோடில் மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவு கூடும்போதெல்லாம் மின்னோட்டம் ஒரே மடங்கில் பெருகுகிறது. அதனால் ஏற்கெனவே எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறதோ அதற்கேற்பச் சாய்வும் செங்குத்தாகிறது. சூத்திரம் இவ்வளவு எளிமையாக வருவது இதனால்தான்:

```
r_d = n × V_T / I_D
```

V_T அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 26 மில்லிவோல்ட். I_D என்பது பயாஸ் மின்னோட்டம். n டையோடுக்கு டையோடு மாறும், பொதுவாக 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கும்.

பல பாடப்புத்தகக் கணக்குகள் n = 1 என்று எடுத்துக்கொள்ளும். அப்படிச் செய்தால் உங்கள் டையோடுக்கு 2.3 ஓம், வெளியீட்டில் 2.3 மில்லிவோல்ட் என்று வரும். நீங்கள் பார்த்தது அதைப் போல் இரண்டு மடங்கு. 1N4148-க்கு n 1.75 அளவில் இருக்கும். சிமுலேஷன் மாதிரிகளிலும் இதையொட்டிய எண்கள்தான் இருக்கும். இதோடு கணக்கிட்டால் 4 ஓம். டையோடின் உடலிலேயே அரை ஓமுக்குச் சற்று மேல் ஒரு தொடர் மின்தடை உண்டு. கூட்டினால் 4.6 ஓம். 1 கிலோ ஓமோடு சேர்ந்து இது பிரிக்கும்போது 1 வோல்ட் சிற்றலை 4.6 மில்லிவோல்ட் ஆகிறது. உங்கள் ஆசிலோஸ்கோப் காட்டியதும் இதைத்தான்.

n-ஐ என் சொல்லை நம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம், மல்டிமீட்டராலேயே அளந்துவிடலாம். அதே 12 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக ஒருமுறை, 100 கிலோ ஓம் வழியாக ஒருமுறை டையோடின் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் பத்து மடங்கு மாறுகிறது. இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை 60 மில்லிவோல்ட்டால் வகுத்தால் n கிடைக்கும். 105 மில்லிவோல்ட் வந்தால் n = 1.75. இந்தச் சிறிய மின்னோட்டங்களில் தொடர் மின்தடை குறுக்கே வராது என்பதால்தான் இவற்றைச் சொல்கிறேன்.

சாய்வை ஒரே எண்ணாக வைத்துக் கணக்குப் போடலாமா என்ற சந்தேகம் நியாயமானது. சிற்றலையால் உங்கள் டையோடின் மின்னோட்டம் சராசரியிலிருந்து இருபுறமும் அரை மில்லிஆம்பியர்தான் அசைகிறது, அதாவது 4 சதவீதத்துக்குச் சற்று மேல். சாய்வும் ஏறத்தாழ அதே சதவீதம்தான் மாறும். எனவே கணக்கு நிற்கும். மின்னோட்டம் பாதியாகி இரட்டிப்பாகும் அளவுக்கு அசைந்தால் இந்த எண் உதவாது, வெளியீட்டு அலையின் வடிவமே சிதைந்திருக்கும்.

இனி 470 ஓம் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ரெசிஸ்டரைக் குறைத்தால் மின்னோட்டம் கூடுகிறது, r_d குறைகிறது. ஆனால் அதே விகிதத்தில் ரெசிஸ்டரும் குறைந்துவிட்டது. இரண்டையும் வகுத்தால் ரெசிஸ்டரின் மதிப்பு கணக்கிலிருந்தே காணாமல் போகிறது:

```
வெளியீட்டுச் சிற்றலை / உள்ளீட்டுச் சிற்றலை ≈ n × V_T / (V_S − V_D)
```

V_S சப்ளை மின்னழுத்தம், V_D டையோடின் மின்னழுத்தம். உங்களுக்கு 45 மில்லிவோல்ட்டை 11.3 வோல்ட்டால் வகுக்க வேண்டும்: 0.4 சதவீதம். எந்த ரெசிஸ்டர் போட்டாலும் இதுதான். கொஞ்சம் கூடியதற்குக் காரணம் அந்தத் தொடர் மின்தடை. மின்னோட்டத்தைக் கூட்டினாலும் அது குறையாது. 470 ஓமில் r_d 1.9 ஓம் ஆகிறது, தொடர் மின்தடையோடு 2.5, சிற்றலை 5.2 மில்லிவோல்ட். உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

இதெல்லாம் சுமை இல்லாதபோது. 100 ஓம் சுமையை இணைத்தால் அது 7 மில்லிஆம்பியரை இழுத்துக்கொள்ளும். டையோடுக்கு மிஞ்சுவது 4.3. இயங்கு மின்தடை 11 ஓம் ஆகிவிடும். சுமையையும் சேர்த்துக்கொண்டால் சிற்றலை 10 மில்லிவோல்ட். சப்ளையில் எதுவும் மாறாமல் வெளியீட்டில் சிற்றலை இரட்டிப்பானால், முதலில் பார்க்க வேண்டியது டையோடுக்கு எவ்வளவு மின்னோட்டம் மிஞ்சுகிறது என்பதைத்தான். சுமை 60 ஓமுக்கும் வெகு கீழே போனால் டையோடுக்கு ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது, பிறகு இருப்பது வெறும் இரண்டு ரெசிஸ்டர்கள்.

கெப்பாசிட்டரும் இதே காரணத்தால்தான் தோற்றது. 10 மைக்ரோஃபாரட், 100 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 160 ஓம். பக்கத்தில் 4.6 ஓம் வழி திறந்திருக்கும்போது சிற்றலை ஏன் 160 ஓம் வழியாகப் போகப்போகிறது? அங்கே பயன் தெரிய வேண்டுமானால் 350 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் வேண்டும். அதைவிட ரெசிஸ்டரை இரண்டு 500 ஓம்களாகப் பிரித்து, நடுப்புள்ளியிலிருந்து தரைக்கு 100 மைக்ரோஃபாரட் போடுங்கள். அந்த இடத்தில் கெப்பாசிட்டர் எதிர்கொள்வது 250 ஓம். அதுவோ 16 ஓம். சிற்றலை பதினைந்து மடங்குக்கு மேல் குறைந்து, வெளியீட்டில் 0.3 மில்லிவோல்ட் ஆகும். டையோடின் மின்னோட்டம் மாறாது. நடுப்புள்ளியில் 6.4 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும், 16 வோல்ட் கெப்பாசிட்டர் போதும்.

0.3 மில்லிவோல்ட்டை உங்கள் ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பது கடினம். ப்ரோபின் தரைக்கம்பி பிடிக்கும் இரைச்சலே அதை மூடிவிடலாம். நடுப்புள்ளியில் 30 மில்லிவோல்ட் அளவுக்குச் சிற்றலை இருக்கும். அதை அளந்து, 4.6-ஆல் பெருக்கி, 505-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.