கர்ப்பக் குழாயைக் கட்டிற எல்ஆர்டி செய்த பிறகு இன்னொரு பிள்ளை: குழாயை திரும்ப இணைக்கிறதா, நேரா ஐவிஎஃப்பா?

கேள்வி: எனக்கு 34 வயசு. ரெண்டாவது சீசரோட எல்ஆர்டி செய்திட்டினம். இப்ப மறுமணம் செய்திருக்கிறன், இவருக்கு பிள்ளை இல்ல. குழாயை திரும்ப இணைக்கலாமா, இல்ல நேரா ஐவிஎஃப் போறதா?

தங்கச்சி, நான் வெள்ளவத்தையில இருக்கிறன், ரெண்டையும் செய்து பாத்தவள். எனக்கும் சீசரோடதான் எல்ஆர்டி, 28 வயசில. சின்னவன் டெங்குவில போன பிறகு திரும்ப டொக்டரிட்ட போகேக்க எனக்கும் 34.

முதல்ல உங்கட அவருக்கு செமன் டெஸ்ட் எடுங்கோ. எல்லாரும் பொம்பிளையின்ர குழாயைப் பற்றியே கதைப்பினம், ஆனா அவற்ற எண்ணிக்கை நல்லா குறைவெண்டா குழாயை எவ்வளவு வடிவா இணைச்சும் பிரயோசனமில்ல, அப்ப நேரா ஐவிஎஃப்தான். அதோட உங்களுக்கு ஏஎம்எச் ரத்த டெஸ்ட், முட்டை எவ்வளவு மிச்சமிருக்கு எண்டு ஓரளவு காட்டும்.

அந்த ரெண்டும் நல்லா வந்தா உங்கட வயசுக்கு ஒபரேஷனை கட்டாயம் யோசிக்கலாம். பெல்ஜியத்தில 2007ல வந்த ஒரு ஆய்வில, 37க்கு கீழ உள்ள ஆக்களில குழாய் இணைச்சவையில 100க்கு 70 பேருக்கு மேல பிள்ளை கிடைச்சிருக்கு, ஐவிஎஃப் செய்தவையில பாதிக்கு கொஞ்சம் மேல. 37க்குப் பிறகு அது அப்பிடியே மாறி ஐவிஎஃப் முந்திப் போகுது, ஏனெண்டா குழாய் சரியானாலும் மாசா மாசம் காத்திருக்க நேரம் இல்ல.

ஆனா எல்லாக் குழாயும் இணைக்கேலாது. இங்க சீசரோட செய்யிறது பெரும்பாலும் பொமராய் முறை, குழாயின்ர நடுப்பகுதியை வளையமா தூக்கி நூலால கட்டி அந்த வளையத்தை வெட்டிறது. அதில ரெண்டு மூண்டு சென்ரிமீட்டர் போயிடும், மிச்சம் நாலுக்கு மேல இருந்தா நல்லம். முட்டையை பிடிக்கிற விரல் மாதிரி நுனியையே வெட்டியிருந்தா, இல்ல முழுக் குழாயையும் எடுத்திருந்தா, இணைக்க ஒண்டுமே இல்ல. டயக்னோசிஸ் கார்டில சும்மா எல்ஆர்டி எண்டுதான் கிடக்கும், அதால பிள்ளை பிறந்த ஹொஸ்பிட்டலில ஒபரேஷன் நோட்ஸ் கேட்டுப் பாருங்கோ. சாய ஸ்கேன் கர்ப்பப்பை பக்கத்து துண்டை மட்டும்தான் காட்டும், அங்கால என்ன மிச்சம் எண்டு லப்பரஸ்கொப்பியிலதான் தெரியும்.

நான் பிழை விட்டது இந்த இடத்திலதான். தொப்புளால கமரா விட்டுப் பாக்க வலது பக்கம் நல்லா இருந்தது, இடது பக்கம் நுனி ஒட்டிப்போய் பாவிக்க ஏலாமல் கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் சரியெண்டா என்ன செய்யிறது எண்டு நாங்கள் முதல்லயே கதைக்கேல்ல, நான் மயக்கத்தில கிடக்கிறன், டொக்டர் பழைய சீசர் தழும்பால வெட்டி வலதை மட்டும் மைக்ரோஸ்கோப்புக்கு கீழ மயிர் மாதிரி நூலால இணைச்சு, கர்ப்பப்பையால நீலச் சாயம் விட்டு அது நுனியால வருதெண்டும் பாத்து முடிச்சிட்டார். ஒற்றைக் குழாயாலயும் பிள்ளை உண்டாகலாம்தான், ஆனா நீங்கள் தியேட்டருக்கு போக முதல் "ஒரு பக்கம் மட்டும் எண்டா வெட்டவோ, நிப்பாட்டவோ" எண்டு முடிவெடுத்து டொக்டரிட்ட சொல்லி வையுங்கோ.

இணைச்சு பத்தாவது மாசம் கர்ப்பம் நிண்டது. கர்ப்பத்தைக் காட்டிற ரத்த டெஸ்ட் பீட்டா எச்சிஜி 410, ரெண்டு நாளால 520தான். நல்ல கர்ப்பமெண்டா அந்த ரெண்டு நாளில குறைஞ்சது பாதியளவாவது ஏறவேணும், எனக்கு கால்வாசி மட்டும்தான். ஸ்கேனில கர்ப்பப்பை வெறுமை, கரு குழாயில நிண்டிட்டுது. நேரத்தோட பிடிச்சதால மெதோட்ரெக்ஸேட் ஊசியோட கரைஞ்சுது, இல்லாட்டி குழாய் வெடிச்சு உயிருக்கே ஆபத்து. இணைச்ச குழாயில இது நடக்கிறது அபூர்வமில்ல. நீங்கள் ஒபரேஷன் செய்தா மென்ஸஸ் தள்ளின அந்த கிழமையே அந்த டெஸ்டுக்கு ரத்தம் குடுங்கோ, ஆறாம் கிழமை ஸ்கேன், ஒரு பக்கம் வயித்துக்குத்தோ தோள்மூட்டு நோவோ தலைச்சுத்தோ வந்தா விடியும் வரை பொறுக்காதேங்கோ.

ஊசிக்குப் பிறகு மூண்டு மாசம் காக்க வேணும், அதுக்குள்ள 36 ஆயிட்டுது. ஐவிஎஃப் போனம். பத்துப் பன்னிரண்டு நாள் வயித்தில ஊசி, 9 முட்டை எடுத்து 3 கரு தேறினது, முதல் வைச்சது நிக்கேல்ல, ரெண்டாவது நிண்டது. இப்ப மகளுக்கு ரெண்டு வயசு. ஐவிஎஃப் எண்டா கட்டின குழாயை தொடாமலே செய்யலாம், ஆனா ஒவ்வொரு தடவைக்கும் காசு திரும்பத் திரும்ப. ஒபரேஷன் ஒருக்கா செலவு, சரிவந்தா ரெண்டாவது பிள்ளைக்கும் அதே குழாய் போதும்.

உங்கட அவற்ற ரிப்போர்ட் வந்தோடன, நோட்ஸில பொமராய் எண்டு இருக்கோ வேற ஏதுமோ எண்டும் பாத்து இதுக்கு கீழ எழுதுங்கோ.