‘கொஞ்சம்’ போட்டால் கெஞ்சுவது போல ஆகிவிடுமா?

“திருப்பூரில் வேலைக்கு வந்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் ‘கொஞ்சம்’ சேர்த்துவிடுகிறேன். தயங்கிக் கேட்பது போல இருக்கிறதா?”

அந்தச் சொல்லில் பணிவு கிடையாது. பெரியவர்கள்கூடச் சிறுவனிடம் “தம்பி, கொஞ்சம் நகரு” என்றுதான் சொல்கிறார்கள். ‘உனக்குப் பெரிய சிரமம் இல்லை’ என்பதே அதன் பொருள்.

சிக்கல் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. “கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்” என்றால் அரை டம்ளர் வரலாம். அங்கே அது அளவு. “தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள்” என்று வினையை ஒட்டி வரும்போது கேட்கும் விதம் மென்மையாகிறது, அளவு பெரும்பாலும் குறைவதில்லை.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். தையல் கூலி 18,000 ரூபாய் பாக்கி இருந்தது. “அண்ணா, கொஞ்சம் பணம் கொடுத்தால் நன்றாக இருக்கும், முடியுமா?” என்று கேட்டேன். 2,000 ரூபாய் வந்தது. நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்! அடுத்த வாரம் மாற்றினேன்: “அண்ணா, பில்லைக் கொஞ்சம் பாருங்கள். பாக்கி 16,000 ரூபாய். சனிக்கிழமை முழுதாக வேண்டும்.” பார்க்கச் சொன்னதில் மென்மை, தொகையிலும் நாளிலும் உறுதி. சனிக்கிழமை மாலை கணக்கு முடிந்தது.

தயக்கம் தெரிவது அடுக்கும்போதுதான்: ‘கொஞ்சம்’, ‘முடியுமா’, ‘தப்பாக நினைக்காதீர்கள்’ மூன்றும் ஒரே வாக்கியத்தில் வேண்டாம். கொங்குப் பேச்சில் ‘ஏனுங்க’, ‘சரிங்க’ என்று ‘ங்க’ ஏற்கெனவே மரியாதையைச் சுமக்கிறது. அதற்கு மேல் ஒரு ‘கொஞ்சம்’ போதும்; குரலை இழுக்காமல், வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்துங்கள்.