அப்பாவிடம் பாசத்தை எப்படிச் சொல்வது?

"போனில் அப்பாவிடம் 'ஐ லவ் யூப்பா' என்றேன். 'சரி, வச்சிடறேன்' என்று வைத்துவிட்டார். வேறு எப்படிச் சொல்வது?"

அவருக்காகச் செய்து முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். "தைலம் தீர்ந்திருக்கும்னு வாங்கி வச்சிருக்கேன்ப்பா, பொங்கலுக்குக் கொண்டு வரேன்." 'வாங்கினேன்' என்றால் வெறும் தகவல். 'வாங்கி வச்சிருக்கேன்' என்னும்போது, உங்களை நினைத்து முன்கூட்டியே செய்தேன் என்பதை அந்த 'வை' சொல்லிவிடும்.

அவருக்குக் கோபம் இருந்திருக்காது. நீங்கள் சொன்னதற்குத் திருப்பிச் சொல்ல அவருக்குப் பழகிய பதில் இல்லை, அவ்வளவுதான். தைலத்துக்கு இருக்கிறது: "எதுக்குடா வீண் செலவு?" அதுதான் அவருடைய 'நானும்தான்'.

அடுத்த முறை, போனை வைக்கும் முன் அவர் கடைசியாக என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். என் அப்பா எப்போதும் "வண்டிக்குக் காத்து பாத்தியா?" என்பார். ஒரு நாள் நானே முந்திக்கொண்டு, "காத்து அடிச்சாச்சுப்பா. உங்க ஸ்கூட்டர் பிரேக் சத்தம் போட்டுச்சே, மெக்கானிக்கை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்" என்றேன். இரண்டு நிமிஷத்தில் வைப்பவர் அன்று அந்த பிரேக்கின் வரலாறு முழுக்கச் சொன்னார்.

ஒன்றில் மட்டும் கவனம். தினமும் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் அது மேற்பார்வை ஆகிவிடும், எரிச்சல்படுவார். "டாக்டர் மாத்திரையை மாத்தினாரே, இப்ப ராத்திரி தூக்கம் வருதாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். போன வாரம் அவர் சொன்னதை நீங்கள் நினைவில் வைத்திருப்பது அதில் தெரியும்.